முப்பது நிமிடமா, முப்பது சென்டிமீட்டரா?

கல்குவாரியில் வேட்டு வைத்த பிறகு ஒரு துளை மட்டும் வெடிக்காமல் நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வது? திரி கொளுத்திய வேட்டாக இருந்தால் 30 நிமிடம் வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மின்சாரம் கொடுத்த வேட்டு என்றால் இணைப்பைக் கழற்றிய பிறகு 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். வெடிக்காத மருந்தைச் செயலிழக்க வைக்கப் பக்கத்தில் இன்னொரு துளை போடுவதாக இருந்தால், அது பழைய துளைக்கு எந்த இடத்திலும் 30 சென்டிமீட்டருக்குள் நெருங்கக் கூடாது. வேட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் 300 மீட்டர் சுற்றுவட்டத்தில் இருப்பவர்கள் அனைவரும் பாதுகாப்பான மறைவுக்குப் போயிருக்க வேண்டும். உலோகச் சுரங்க விதிமுறைகள், 1961 வகுத்த எண்கள் இவை.

படிக்கும்போது இதில் கடினமாக எதுவும் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு நான்கு எண்களையும் எது எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், முப்பதும் முந்நூறும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நாளைக் காலை கேட்டால் இரண்டு தேறினாலே அதிகம். புரிவது ஒரு வேலை. தேவைப்படும்போது நினைவிலிருந்து எடுப்பது இன்னொரு வேலை. தேர்வு கேட்பது இரண்டாவதை. குவாரியும் அதைத்தான் கேட்கிறது.

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றொரு பகுதி. பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்கு எலும்புக்கூடு ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் முகவரி. 2018இல் அங்கே ஒரு லைன் வீட்டில், சுரங்க டிப்ளமோ முடித்த முப்பது வயதுக்காரர் ஒருவர் ஃபோர்மேன் தகுதிச் சான்றிதழுக்காக இரண்டாவது முறை படிக்க உட்கார்ந்தார். குப்பம் பக்கத்தில் ஒரு கிரானைட் குவாரியில் வேலை. விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழ் கையில் இருந்தால்தான் சட்டப்படி அந்தப் பொறுப்பில் உட்கார முடியும். இல்லாவிட்டால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழேதான் வேலை.

அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில்லிங் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, அந்தக் குடும்பத்தில் தரைக்குக் கீழே போய்ச் சம்பாதிக்கும் பழக்கமும் முடிந்தது. மகனுக்குக் கிடைத்தது திறந்தவெளிக் குவாரி. வெயிலில் வேலை என்றாலும் பாறை, மருந்து, வேட்டு எல்லாம் அதேதான்.

முதல் முறை அவர் படித்த விதம் பெரும்பாலோர் படிக்கும் விதம். சட்டப் புத்தகத்தை மூன்று தடவை முழுதாகப் படித்தார். முக்கியமான வரிகள் மீது மஞ்சள் மை தீட்டினார். மூன்றாவது தடவை பக்கத்தைத் திருப்பும்போது எல்லாமே பழக்கப்பட்ட முகங்களாகத் தெரிந்தன. தேர்வில் கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பக்கமும் கண்முன் வந்தது, மஞ்சள் வரி எந்த மூலையில் இருந்தது என்பதும் வந்தது. எண் மட்டும் வரவில்லை.

இது மூளைக் கோளாறு அல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. மாணவர்களுக்கு ஒரு சிறிய கட்டுரை கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினர் அதை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே தடவை படித்துவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் மூன்று தடவை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61 சதவிகிதம் தங்கியிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 சதவிகிதம்தான். தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்களும் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் நம்பிக்கை எதற்கும் அத்தாட்சி அல்ல என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இரண்டாவது முறை மூத்த சக ஊழியர் ஒருவர் வேறு வழியைச் சொல்லிக் கொடுத்தார்: கேள்வியை அட்டையின் ஒரு பக்கத்திலும் பதிலை மறுபக்கத்திலும் எழுது, பெட்டியில் போடு, நாள் கணக்குப் பார்த்து எடு. ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஒரு புத்தகத்தில் பிரபலமாக்கிய பெட்டி அது. இன்று கைபேசிச் செயலிகள் இதே வேலையைத் தாங்களாகவே கணக்குப் போட்டுச் செய்கின்றன. ஸ்கெலட்டன் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி போதுமானதாக இருந்தது. அதில் அட்டைத் தடுப்பு வைத்து ஐந்து அறைகள். கேள்வி அட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டார்.

விதி எளிது. புதிய அட்டை முதல் அறைக்குப் போகும். முதல் அறை தினமும் கேட்கப்படும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவது அறைக்கு ஏறும். அது 3 நாள் கழித்து வரும். அங்கும் சரி என்றால் மூன்றாவது அறை, ஒரு வாரம். நான்காவது அறைக்கு இரண்டு வாரம், ஐந்தாவதற்கு ஒரு மாதம். எந்த அறையில் தவறினாலும் அந்த அட்டை மீண்டும் முதல் அறைக்கு வந்துவிடும். ஆக, ஒரு தடவைகூடத் தவறாத அட்டை, எழுதிய நாளிலிருந்து 1, 4, 11, 25, 55 ஆகிய நாட்களில் வந்து நிற்கும். ஐந்து தடவை கேட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடிவிடும். தகராறு செய்யும் அட்டை மட்டும் அடிக்கடி வந்து தொந்தரவு கொடுக்கும். தெரிந்ததை மறுபடி மறுபடி படித்து மகிழ்வதற்கு இதில் வழியே கிடையாது.

இடைவெளி ஏன் இப்படி நீண்டுகொண்டே போக வேண்டும்? ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி ஒரே சீராக நடப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிகிறது, பிறகு சரிவு மட்டுப்படுகிறது. அதனால்தான் முதல் கேள்வி மறுநாளே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிரமப்பட்டு நினைவிலிருந்து எடுக்கும்போது அடுத்த சரிவு இன்னும் மெதுவாகிறது. எனவே அடுத்த கேள்வியைத் தள்ளிப்போடலாம். நினைவு பசுமையாக இருக்கும்போதே கேட்டால் சிரமம் இல்லை, பலனும் குறைவு. முழுக்க மறந்த பிறகு கேட்டால் புதிதாகப் படிப்பதற்குச் சமம். மறக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் கேட்பதுதான் கணக்கு.

எவ்வளவு இடைவெளி என்பது தேர்வு எப்போது என்பதையும் பொறுத்தது. செபேடா என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் இரண்டு படிப்புகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தேர்வு என்றால் மூன்று வார இடைவெளி. பத்து நாளில் தேர்வை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் அறைகளைப் பிரிப்பதில் பொருளில்லை.

ஸ்கெலட்டன்காரருக்குக் கையில் 120 நாள் இருந்தது. சட்டத்துக்கும் பாதுகாப்புக்குமாக 240 அட்டைகள் தேவைப்படும் என்று கணக்கிட்டார். தினம் 6 புதிய அட்டை வீதம் 40 நாளில் எழுதி முடிக்கலாம். நாற்பதாம் நாள் எழுதும் கடைசி அட்டைகூட 95ஆம் நாளுக்குள் தன் ஐந்தாவது கேள்வியைப் பார்த்துவிடும். மீதி 25 நாள் தவறிய அட்டைகளுக்கு. ஐந்தாவது கேள்வி வருவதற்குள் புது அட்டைகள் எழுதி முடிந்துவிடும் என்பதால், கூட்டம் நிறைந்த நாட்களில்கூட நான்கு சுற்றுகள்தான் ஒன்றுசேரும்; சுற்றுக்கு ஆறு அட்டை என்றால் தினமும் 24 அட்டைகள் வரும். தவறியவற்றைச் சேர்த்தால் இன்னும் கூடும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம். அதற்கு மேல் அவரிடம் நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

இந்தப் பெருக்கலைப் போடாமல் ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள். முதல் நாள் உற்சாகத்தில் 60 அட்டை எழுதுவது சுலபம். அந்த அறுபதும் மறுநாள் வரும், நான்காம் நாள் வரும், பதினோராம் நாள் வரும். நடுவில் ஒவ்வொரு நாளும் இன்னொரு அறுபது. இரண்டாவது வாரத்தில் பெட்டி எமனாகத் தெரியும்.

அட்டை எழுதுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி, ஒரே பதில். ஆரம்பத்தில் அவர் ‘வெடிக்காத வேட்டுக்கான விதிகளை எழுதுக’ என்று ஒரே அட்டையில் எழுதி, பின்பக்கத்தில் எட்டு வரி பதில் வைத்திருந்தார். நான்கு வரி சொல்லிவிட்டு, மீதியும் தெரியும் என்று தனக்குத்தானே பாஸ் போட்டுக்கொண்டார். அந்த அட்டையைக் கிழித்து ஆறாக்கிய பிறகுதான், எந்த இரண்டு வரி ஒவ்வொரு தடவையும் நழுவுகிறது என்பது தெரிந்தது.

தனக்குத்தானே பாஸ் போட்டுக்கொள்வது இந்த முறையின் பெரிய ஓட்டை. கேள்வியைப் பார்த்ததும் ‘ஆங், இது தெரியும்’ என்று அட்டையைத் திருப்பிவிட்டால் அது சோதனை அல்ல, மறுபடியும் படிப்புதான். பதிலை வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் திருப்ப வேண்டும், அல்லது எழுதிய பிறகு. அந்த வீட்டில் இதற்கு ஒரு காவலர் கிடைத்தார். அப்பா.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எண்கள் தெரியும். அதனால் மகன் கேள்விப் பக்கத்தில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தார். பதில் பக்கத்தில் எண்ணைப் பெரிதாக எழுதினார். அப்பா அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார். மகன் இழுத்தால், “வாய்ல சொல்லுடா. மூஞ்சிய பாத்து மார்க் போட முடியாது” என்பார்.

ஒருநாள் அவர் அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டார். திரி வேட்டுக்கு 30 நிமிடம், கரண்ட் வேட்டுக்கு 5 நிமிடம் என்று மகன் சரியாகவே சொன்னார். “ஏன் அதுக்கு முப்பது, இதுக்கு அஞ்சு?” மகனிடம் பதில் இல்லை. அப்பாவிடம் இருந்தது. திரி உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கலாம். தாமதமாகவும் மருந்தைத் தொடலாம். செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போகிற நேரத்தில் வெடிக்கும். மின்சாரத்தில் அந்தக் கனல் கிடையாது. இணைப்பைக் கழற்றிவிட்டால் புதிதாகத் தீ போக வழியில்லை. “அதான் நைனா, திரிய நம்பக் கூடாது” என்று மகன் முடித்தார்.

அன்றிலிருந்து எண் உள்ள ஒவ்வொரு அட்டைக்கும் ‘ஏன்’ என்று ஒரு துணை அட்டை சேர்ந்தது. 30 சென்டிமீட்டர் எதற்கு? புதிய துளை போடும் டிரில் பிட், வெடிக்காத மருந்தின் மீது இடித்துவிடாமல் இருக்க. துளைகள் நேராகப் போவதாகத் தோன்றினாலும் உள்ளே சாயலாம். அதனால்தான் ‘எந்த இடத்திலும்’ என்ற சொல் விதியில் இருக்கிறது. 300 மீட்டர் எதற்கு? பறக்கும் கல்லுக்காக. காரணம் தெரிந்த எண் தவறும்போது, யோசித்து அதன் பக்கத்திலாவது போய்ச் சேர முடியும். காரணம் இல்லாத எண் தவறினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

துணை அட்டைகள் சேர்ந்ததால் மொத்தம் கூடுமே? கூடியது. தேர்வில் வராது என்று தோன்றிய சில அட்டைகளைத் தூக்கி எறிந்து கணக்கைச் சரிக்கட்டினார்.

இன்னொரு தொல்லை, ஒரே மாதிரி முகமுள்ள எண்கள். மண், கிராவல் போன்ற இளக்கமான தரையைப் படிப்படியாக வெட்டினால் ஒரு பெஞ்சின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கெட்டியான பாறை என்றால் 6 மீட்டர். குழியின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ, ஆடும் கல்லோ, குப்பையோ இருக்கக் கூடாது. ஒன்றரை, மூன்று, ஆறு: ஒன்றின் இரட்டிப்பு இன்னொன்று. மூன்றையும் ஒரே நாளில் எழுதியதால் மூன்றும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. ஒன்றரைக்கு மூன்று, மூன்றுக்கு ஆறு என்று இரண்டு வாரம் தவறிக்கொண்டே இருந்தார். அந்த மூன்று அட்டைகளும் முதல் அறையை விட்டு நகரவில்லை.

ஒரு அட்டை ஐந்தாறு தடவை தொடர்ந்து முதல் அறைக்கே திரும்பி வந்தால், ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அட்டையைத்தான் மாற்ற வேண்டும். அவர் மூன்றையும் பெட்டியிலிருந்து எடுத்தார். முதலில் பாறை அட்டை மட்டும் உள்ளே போனது. அது மூன்றாவது அறை ஏறிய பிறகு மண் அட்டை. கடைசியில் விளிம்பு அட்டை. அதில் எண்ணுக்குப் பதில், மேலே ஆடும் கல், கீழே நிற்கும் ஆள் என்று ஒரு சின்னப் படம். இரண்டு எண்கள் உயரத்துக்கு, ஒன்று மட்டும் தூரத்துக்கு என்ற வித்தியாசம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதோடு எதிர்த்திசை அட்டையும் எழுதினார்: ‘3 மீட்டர், எதற்கு?’ கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தேர்வு முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்டைகளை ஒவ்வொரு ராத்திரியும் கலைத்தும் போட்டார்; அதே வரிசையில் வந்தால் முந்தைய அட்டையே அடுத்த பதிலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐம்பதாவது நாள் வாக்கில் வீட்டில் ஒரு சாவு. ஆறு நாள் பெட்டியைத் தொடவில்லை. திரும்ப வந்தபோது அட்டைகள் குவிந்திருந்தன. பலர் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அல்லது அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டுமே தேவையில்லை. புது அட்டை எழுதும் காலம் அதற்குள் முடிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. தினம் ஐம்பது என்று எல்லை வைத்து, முதல் இரண்டு அறைகளில் காத்திருந்தவற்றை முதலில் எடுத்தார். அவைதான் வேகமாக மறப்பவை. மேல் அறைகளில் இருந்தவை சில நாள் கூடுதலாகக் காத்திருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. தாமதமாகக் கேட்டும் சரியாக வந்துவிட்டால் அது கூடுதல் பலம்தான். பத்து நாளில் குவியல் கரைந்தது.

பெட்டியில் அட்டைகள் மேலே ஏறுவது திருப்தியாக இருந்தாலும், பெட்டி உண்மை பேசுகிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. அட்டையின் மூலை மடங்கியிருப்பதை, பேனா மையின் நிறத்தைப் பார்த்தே பதில் சொல்லும் பழக்கம் வந்துவிடும். அதற்காக மாதம் ஒரு ஞாயிறு, பெட்டியை மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதுவார்: குவாரியில் வேட்டு வைக்கும் நாளன்று காலை முதல் மாலை வரை ஃபோர்மேன் செய்ய வேண்டியவை என்ன? அட்டைகளில் தனித்தனியாகக் கிடந்தவை வரிசையாக வந்து நிற்கின்றனவா என்று அதில் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை எண்கள் எல்லாம் சரியாக இருந்தன; ஆனால் ஆட்களை மறைவுக்கு அனுப்புவதைத் தாளில் வேட்டுக்குப் பிறகு எழுதியிருந்தார். தனித்தனிச் செய்திகளைச் சரிபார்க்க அட்டை போதும். அவற்றைக் கோப்பதை வெற்றுத்தாள்தான் காட்டும்.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. புரியாத பாடத்தை அட்டையில் எழுதினால் புரியாமலேயே மனப்பாடம் ஆகும். சர்வே கணக்கை அட்டையால் பழக முடியாது. சூத்திரத்தை அட்டை நினைவூட்டும், கணக்கைப் பென்சில் பிடித்துப் போட்டுத்தான் தீர வேண்டும். அதற்கென்று அவர் தனியாக ஞாயிறு மத்தியானங்களை ஒதுக்கினார்.

சட்டம் மாறும்போது இன்னொரு ஆபத்து. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1957ஆம் ஆண்டு விதிமுறைகளின் இடத்தில் 2017இல் புதிய விதிமுறைகள் வந்தன. பழையதை ஐந்தாவது அறை வரை ஏற்றி வைத்திருந்தவருக்கு, அந்த ஏற்றமே எதிரி. நன்றாகப் பதிந்த தவறு லேசில் போகாது. அதனால் எந்த ஆண்டின் விதியிலிருந்து எடுத்தது என்பதை அட்டையின் மூலையில் குறிப்பது அவசியம். விதி மாறினால் அட்டையைத் திருத்தக் கூடாது. கிழித்துப் போட்டு, புதிதாக எழுதி, முதல் அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்று தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே சொல்லப்பட்ட எண்களையும், அப்போது நடப்பிலிருக்கும் விதிகளோடு ஒப்பிட்ட பிறகே அட்டையில் எழுத வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய ராத்திரி அவர் புதிதாக எதையும் தொடவில்லை. முதல் அறையில் மிஞ்சியிருந்த பதினொரு அட்டைகளை மட்டும் இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டுத் தூங்கினார். அந்த முறை சான்றிதழ் கிடைத்தது.

பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். தேர்வு மட்டுமே குறி என்றால் அதுதான் நியாயம். ஆனால் குவாரியில் வெடிக்காத வேட்டு தினமும் வருவதில்லை. பல மாதத்துக்கு ஒரு தடவை, லாரி காத்திருக்கிற நேரமாகப் பார்த்து வரும். ‘பத்து நிமிஷம் ஆச்சே, போய்ப் பாக்கலாம் சார்’ என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அபூர்வமாகத் தேவைப்படும் விஷயம்தான் இயல்பாகவே மறந்துபோகும். தினசரி வேலை அதைத் தானாக நினைவூட்டாது.

அதனால் பெட்டியில் ஆறாவது அறை ஒன்று சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறப்பார்கள். தேர்வுக்கு மட்டும் தேவைப்பட்டவை வெளியே போய்விட்டன. தவறினால் ஆள் சாகக்கூடிய நாற்பது அட்டைகள் மட்டும் உள்ளே இருக்கின்றன. கேட்பவர் இன்றும் அப்பாதான். 30 நிமிடம் என்றால் உடனே அடுத்த கேள்வி வரும்: “சரி, முப்பது சென்டிமீட்டர் எதுக்கு?”

பத்திரிகையின் முதல் பத்தியில் இருந்த நான்கு எண்களை வாசகர்களும் இப்போது ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். திருப்பிப் பார்ப்பது அதற்குப் பிறகு.